குறுஞ்செய்திச் செலவு: எண்ண வேண்டியது செய்தியை அல்ல, துண்டை!

பில் போட்டதும் வாடிக்கையாளரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி, பாக்கி நின்றால் ஒரு நினைவூட்டல், வாரம் ஒருமுறை விலை நிலவரம் என்று கடைகளிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்புவது இன்று வணிகத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கடைவாடகை, மின்கட்டணம், ஏற்றுக்கூலி ஆகியவற்றைக் காசு பார்த்துச் செலவிடும் நம் வணிகப் பெருமக்கள், இந்த ஒரு செலவை மட்டும் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். முன்பணம் கட்டி வாங்கிய கிரெடிட் ஒரு மாதம் வரும் என்று நம்பியிருக்க, பத்துப் பன்னிரண்டு நாளிலேயே தீர்ந்துபோகிறது. கேட்டால், "உங்கள் செய்தி நீளம், சார்" என்று ஒரு வரியில் பதில் வருகிறது.

அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் அதை விற்பதற்கு முன்பு சொல்லியிருக்க வேண்டும். "ஒரு எஸ்.எம்.எஸ். இத்தனை காசு" என்று விலை சொல்லுகிறவர், எது ஒரு எஸ்.எம்.எஸ். என்பதைச் சொல்லாமல் விடுவது, மூட்டை விலையைச் சொல்லி மூட்டையின் எடையைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும். எடை கேட்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. இதிலும் எடையைக் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நமது கருத்து.

ஒரு துண்டில் எவ்வளவு அடங்கும்?

குறுஞ்செய்தி ஒன்று 140 பைட்டுக்கு மேல் சுமக்காது. ஆங்கில எழுத்தும் எண்ணும் சாதாரணக் குறிகளும் மட்டுமே உள்ள செய்தியானால், ஓர் எழுத்துக்கு ஏழு பிட் இடம் போதும். அந்தக் கணக்கில் 140 பைட்டுக்குள் 160 எழுத்து அடங்குகிறது. தமிழுக்கு யூனிகோடு முறையில் ஓர் இடத்துக்குப் பதினாறு பிட், அதாவது இரண்டு பைட் வேண்டும். ஆகவே தமிழ்ச் செய்தியில் 70 இடம்தான் உண்டு.

இந்த அளவைத் தாண்டினால் செய்தி வெட்டப்பட்டுப் பல துண்டுகளாகப் போகிறது. வாங்குகிறவரின் கைபேசி அவற்றை ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டிவிடும். அதனால் வெட்டு நம் கண்ணில் படுவதில்லை. பில்லில் மட்டும் படுகிறது. துண்டுகளை வரிசைப்படுத்தி ஒட்டுவதற்கு ஒவ்வொரு துண்டிலும் ஆறு பைட் அளவுக்கு ஓர் அடையாளச் சீட்டு வைக்க வேண்டியிருக்கிறது. சிப்பத்தின்மேல் ஒட்டும் லேபிளுக்கும் இடம் வேண்டுமல்லவா? ஆகவே பல துண்டாகப் போகும் செய்தியில் ஒரு துண்டுக்கு ஆங்கிலத்தில் 153 எழுத்தும், தமிழில் 67 இடமுமே கிடைக்கும்.

தமிழில் 70 வரை ஒரு துண்டு, 71 முதல் 134 வரை இரண்டு, 135 முதல் 201 வரை மூன்று துண்டு. ஆங்கிலத்தில் 160 வரை ஒன்று, 306 வரை இரண்டு. எழுபதாவது இடத்தில் நிற்கும் செய்திக்குப் பின்னால் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை வைத்தால் செலவு இரட்டிப்பாகிவிடும். கடைசித் துண்டு முழுதாக நிரம்பியிருந்தாலும், நாலு எழுத்து மட்டுமே இருந்தாலும் விலை ஒன்றே.

தமிழ் எழுத்தை எண்ணும் விதம்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நாம் எழுத்து என்று எண்ணுவது வேறு, இயந்திரம் இடம் என்று எண்ணுவது வேறு. "அன்புடையீர்" என்ற சொல்லில் நமக்கு ஆறு எழுத்து. இயந்திரத்துக்கு அது பதினோரு இடம். "அனுப்பப்பட்டது" நமக்கு ஒன்பது எழுத்து, இயந்திரத்துக்குப் பதினான்கு இடம். புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனி இடமாகக் கணக்கில் ஏறுவதே காரணம்.

எண்ணும் விதி சுலபமானது. அ, ஆ, இ போன்ற உயிரெழுத்துகளும், க, த, ம போன்று குறி எதுவும் ஏறாத எழுத்துகளும் ஓர் இடம் பிடிக்கும். க், த், ம் போன்ற புள்ளி எழுத்துகளுக்கு இரண்டு இடம். கா, கி, கு, கெ, கை, கொ, கோ எல்லாவற்றுக்கும் இரண்டு இடமே. க்ஷ என்பதற்கு மூன்று, ஸ்ரீ என்பதற்கு நான்கு. சொல்லிடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எண்கள் ஒவ்வொன்றும் ஓர் இடம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொ, கோ முதலிய எழுத்துகளில் முன்கொம்பையும் பின்காலையும் தனித்தனியே தட்டினால் சில எழுதுமுறைகளில் அது மூன்று இடமாகப் பதிவாகிவிடும். திரையில் வேறுபாடு தெரியாது.

விரலால் எண்ணப் பொறுமையில்லாதவர்கள் எக்செல் தாளில் செய்தியை A1 கட்டத்தில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் கீழ்க்கண்டதை எழுதினால் தமிழ்ச் செய்தியின் துண்டுக் கணக்கு வந்துவிடும்.

```
=IF(LEN(A1)<=70,1,ROUNDUP(LEN(A1)/67,0))
```

ஆங்கிலச் செய்திக்கு 70 என்ற இடத்தில் 160, 67 என்ற இடத்தில் 153 என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலத்தில் சதுர அடைப்பு, நெளி அடைப்பு, யூரோக் குறி போன்ற சில இரண்டு எழுத்தாக எண்ணப்படும். அதை இந்தச் சூத்திரம் அறியாது. அத்தகைய குறிகளைச் செய்தியில் தவிர்ப்பதே நல்லது.

ஒரு குறி செய்யும் வேலை

ஆங்கிலத்தில் அனுப்பினால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏழு பிட் எழுத்துப் பட்டியலில் இல்லாத ஒரே ஒரு குறி செய்தியில் இருந்தாலும், முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறிவிடும். அப்போது 160 என்ற அளவு 70 ஆகச் சுருங்குகிறது.

அந்தப் பட்டியலில் இல்லாத குறிகளில் நம் கடைகளில் அதிகம் வருவது ₹ என்ற ரூபாய்க் குறிதான். 145 எழுத்துள்ள ஓர் ஆங்கில விலைச் செய்தியில் மூன்று இடங்களில் ₹ இருந்தால், அது மூன்று துண்டாகப் போகிறது. அதே செய்தியில் ₹ வரும் இடங்களில் Rs என்று எழுதினால் நீளம் 148 ஆகக் கூடும். ஆனால் ஒரே துண்டாகப் போகும். செய்தி நீண்டு செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது!

கணினியில் வேறு இடத்தில் எழுதி எடுத்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறியும் நீண்ட கோடும் தாமாகவே ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் பூவும் விளக்கும் சேர்ந்து வரும். இவை எல்லாமே இதே வேலையைச் செய்யும். சில நிறுவனங்களின் மென்பொருள் இந்தக் குறிகளைத் தானே மாற்றிக்கொள்கிறது. பல அவ்வாறு செய்வதில்லை. அதை நம்பியிருக்க வேண்டாம்.

ஒரு கடையின் மாதக் கணக்கு

இனி ஒரு மொத்த மளிகைக் கடையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,800 சில்லறைக் கடைகள் இதன் வாடிக்கை. நாளொன்றுக்கு 400 பில் வீதம் 26 நாளுக்கு 10,400 பில் செய்தி. 900 பேருக்கு வாரம் ஒரு பாக்கி நினைவூட்டல் என்று நான்கு வாரத்தில் 3,600. எல்லா வாடிக்கையாளருக்கும் வாரம் ஒரு விலை நிலவரம், 7,200. ஆக மாதம் 21,200 செய்தி.

விலைக்கு ஒரு மாதிரிப் பட்டியலை வைத்துக்கொள்வோம். மாதம் 25,000-க்குக் கீழே என்றால் ஒன்றுக்கு 22 காசு. 25,000 முதல் 19 காசு. 50,000 முதல் 17 காசு. ஒரு லட்சம் முதல் 15 காசு. இவை கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்ட விலைகளே. அவரவர் தமக்கு வந்த விலைப்பட்டியலை இதன் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாளி மனக்கணக்காக 21,200-ஐ 22 காசால் பெருக்கி, ரூ.4,664 என்று எழுதி வைத்துக்கொள்கிறார். மாதக் கடைசியில் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

பில் செய்தி இப்படி இருக்கிறது: "அன்புடையீர், பில் எண் 4512, தொகை ரூ.18450, சரக்கு இன்று அனுப்பப்பட்டது. நன்றி, கடைப்பெயர்". கடைப்பெயர் என்று நாம் காட்டிய இடத்தில் அவரவர் கடையின் பெயர் வரும். இது 89 இடம், இரண்டு துண்டு.

நினைவூட்டல் இப்படி: "அன்புடையீர், தங்கள் கணக்கில் ரூ.42600 நிலுவை உள்ளது. வரும் சனிக்கிழமைக்குள் செலுத்தி உதவ வேண்டுகிறோம். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இச்செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம். கடைப்பெயர்". இது 178 இடம், மூன்று துண்டு. விலை நிலவரம் மேலே சொன்ன ₹ குறியுள்ள ஆங்கிலச் செய்தி; அதுவும் மூன்று துண்டு.

ஆகவே பில்லுக்கு 20,800 துண்டு, நினைவூட்டலுக்கு 10,800, விலை நிலவரத்துக்கு 21,600. மொத்தம் 53,200 துண்டு. அனுப்பிய செய்தியைப்போல் இரண்டரை மடங்கு!

எண்ணிக்கை கூடியதால் இவர் 17 காசு படிக்கு வந்துவிடுகிறார். 53,200-க்கு ரூ.9,044. இதன்மேல் டி.எல்.டி. கட்டணம் என்று சில நிறுவனங்கள் தனியாகப் போடுகின்றன. சில விலையிலேயே சேர்த்துவிடுகின்றன. துண்டுக்கு இரண்டரைக் காசு தனி என்று வைத்தால் ரூ.1,330. இரண்டும் சேர்ந்து ரூ.10,374. இதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ.1,867.32. ஆக ரூ.12,241.32. ரூ.4,664 என்று நினைத்தவர் கட்ட வேண்டியது இவ்வளவு. வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். இணக்க முறையில், அதாவது காம்போசிஷனில் இருக்கும் சிறு வணிகருக்கு அந்த வழியும் இல்லை. அவருக்கு அது முழுச் செலவுதான்.

எதைச் சுருக்குவது, எதை விடுவது?

பில் செய்தியை "பில் 4512, ரூ.18450. சரக்கு இன்று அனுப்பப்பட்டது. கடைப்பெயர்" என்று எழுதினால் 60 இடம். ஒரே துண்டு. சரக்கு அனுப்பிய தகவலுக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. பில் எண்ணும் தொகையும் சொல்லியாயிற்று. கடையின் பெயரும் இருக்கிறது. கடைப்பெயர் நீளமானால் இன்னும் பத்து இடம் மிச்சமிருக்கிறது.

நினைவூட்டலில் நமது கருத்து வேறு. "தங்கள்", "அன்புடையீர்" எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, "கணக்கில் ரூ.42600 நிலுவை. சனிக்கிழமைக்குள் செலுத்தவும். கடைப்பெயர்" என்று எழுதினால் 66 இடத்தில், ஒரே துண்டில் முடிந்துவிடும். ஆனால் இருபது வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒருவருக்கு இப்படிக் கட்டளை அனுப்பலாமா? பாக்கி கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. அந்த மரியாதைக்கு இருபது காசு கொடுக்கலாம். மூன்றாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டு முதல் இரண்டையும் அப்படியே வைத்தால் 113 இடம், இரண்டு துண்டு. அன்று காலையே பணம் கட்டிவிட்டவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு அனுப்பினால், மூன்றாவது வாக்கியத்துக்கு வேலையே இல்லை.

விலை நிலவரத்தில் ₹ போய் Rs வந்தால் ஒரு துண்டு. இப்போது கணக்கு 10,400, 7,200, 7,200 என்று மொத்தம் 24,800 துண்டாகிறது.

இந்த இடத்தில், "தமிழே வேண்டாம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டுவிடலாம்" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. 70 இடத்துக்குள் அடங்கிய தமிழ்ச் செய்தியும் 160-க்குள் அடங்கிய ஆங்கிலச் செய்தியும் ஒரே விலைதான். பாக்கித் தொகையையும் கெடுவையும் வாடிக்கையாளர் தம் மொழியில் படித்துப் புரிந்துகொள்ளவே செய்தி அனுப்புகிறோம். அவருக்குப் புரியாத மொழியில் மலிவாக அனுப்பி என்ன பயன்? பொருளின் பெயரும் எடையும் விலையுமாக வரும் நீண்ட பட்டியலுக்கு ஆங்கிலம் பொருந்தும். பில்லுக்கும் பாக்கிக்கும் தமிழை வைத்துக்கொள்வதில் நட்டமில்லை. அளந்து எழுத வேண்டும், அவ்வளவே.

படி விலையில் உள்ள சூட்சுமம்

24,800 துண்டு என்பது 25,000-க்குக் கீழே வருகிறது. ஆகவே 22 காசு விலையில் ரூ.5,456. ஆனால் 25,000 வாங்கினால் 19 காசு வீதம் ரூ.4,750 தான்! இருநூறு துண்டு கூடுதலாக வாங்கி, ரூ.706 குறைவாகக் கொடுக்கிறோம். நம் பட்டியலில் 21,591 துண்டை எட்டியவுடனேயே 25,000-ஆக வாங்குவது மலிவு. இதைக் கண்டுபிடிக்க மேல்படியின் மொத்த விலையை, அதாவது ரூ.4,750-ஐ, கீழ்ப்படியின் 22 காசால் வகுத்தால் போதும். ஒவ்வொரு படிக்கும் இந்த எண்ணைக் கணக்கிட்டு விலைப்பட்டியலின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் எல்லாப் படி விலையும் இப்படி அமைவதில்லை. சில நிறுவனங்களில் மேல்படியை எட்டினால் மொத்த எண்ணிக்கைக்கும் குறைந்த விலை. வேறு சிலவற்றில் முதல் 25,000-க்கு ஒரு விலை, அடுத்த 25,000-க்கு ஒரு விலை, அதற்கு மேலே உள்ளதற்கு மட்டும் குறைந்த விலை என்று அடுக்கடுக்காகக் கணக்கிடுவார்கள். வருமான வரி விகிதம் போல என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு சொன்ன 53,200 துண்டுக்கு அடுக்கு முறையில் முதல் 25,000-க்கு ரூ.5,500, அடுத்த 25,000-க்கு ரூ.4,750, மீதி 3,200-க்கு ரூ.544, ஆக ரூ.10,794. மொத்த முறையில் ரூ.9,044. தாளில் அச்சிட்ட காசு இரண்டிலும் ஒன்றே. கையை விட்டுப் போவதில் ரூ.1,750 வேறுபாடு. அடுக்கு முறையில் இருநூறு கூட வாங்கி மிச்சம் பிடிக்கும் வழியும் இல்லை. விலை கேட்கும்போதே, "மேல்படி விலை மொத்தத்துக்குமா, மேலே உள்ளதற்கு மட்டுமா?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இப்போது நம் கடையின் கணக்கை முடிப்போம். 25,000 துண்டுக்கு ரூ.4,750. செலவான 24,800-க்கு டி.எல்.டி. கட்டணம் ரூ.620. சேர்த்து ரூ.5,370. ஜி.எஸ்.டி. ரூ.966.60. மொத்தம் ரூ.6,336.60. முன்பு ரூ.12,241.32. அதே 21,200 செய்தி, அதே வாடிக்கையாளர்கள். மாதம் ஏறக்குறைய ரூ.5,900 மிச்சம், ஆண்டுக்கு ரூ.70,000-க்கு மேல்.

இதற்கும் மேலே, மாதம் 24,800 வீதம் நான்கு மாதத்துக்கு 99,200 தானே, ஒரேயடியாக ஒரு லட்சம் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். 15 காசு வீதம் ரூ.15,000. மாதாமாதம் வாங்கினால் நான்கு மாதத்துக்கு ரூ.19,000. நான்காயிரம் மிச்சம்தான். ஆனால் கிரெடிட்டின் காலக்கெடு நான்கு மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் காலாவதியானால் 74,400 துண்டுதான் பயன்பட்டிருக்கும். அதற்கு மாதாமாதம் வாங்கியிருந்தால் ரூ.14,250 தான் ஆகியிருக்கும். மலிவு என்று வாங்கி ரூ.750 கூடக் கொடுத்ததாக முடியும். தீபாவளி மாதத்தில் செய்தி கூடும் என்று தெரிந்திருந்தால், பெரிய கொள்முதலை அந்த மாதத்தை உள்ளடக்கி வைத்துக்கொள்ளலாம்.

மாதிரியைப் பதிவு செய்யும் முன்பே எண்ணுக

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்புகிறவர் தொலைபேசி நிறுவனங்களின் டி.எல்.டி. தளத்தில் தம் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் மாதிரியையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த மாதிரியோடு ஒத்துப்போகாத செய்தி வாடிக்கையாளரைச் சென்று சேராது. 2021 மார்ச்சில் இந்தச் சரிபார்ப்பை முழுமையாகத் தொடங்கியபோது வங்கிகளின் ஒருமுறைக் கடவுஎண் செய்திகளே நின்றுபோய், சில நாள் அதைத் தள்ளிவைக்க நேர்ந்தது நினைவிருக்கலாம்.

இதனால் செலவுக் கணக்குக்கு என்ன? செய்தியைச் சுருக்கலாம் என்று பிறகு நினைத்தால், சுருக்கிய வாசகத்தை மறுபடியும் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே துண்டுக் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம், மாதிரியைப் பதிவு செய்வதற்கு முன்புதான். பலர் கணினிக்காரர் எழுதிக் கொடுத்ததை அப்படியே பதிவு செய்துவிட்டு, வருடக்கணக்கில் இரண்டு துண்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, மாதிரியில் பெயர், தொகை போன்ற மாறும் இடங்கள் உண்டு. மாதிரியை எண்ணினால் போதாது, நிரப்பிய செய்தியை எண்ண வேண்டும். நாம் சொன்ன 60 இடத்துப் பில் செய்தியின் தலைப்பில் வாடிக்கையாளர் பெயரையும் ஒரு காற்புள்ளியையும் ஓர் இடைவெளியையும் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். "ராமு" என்றால் 66 இடம், ஒரு துண்டு. "சுப்பிரமணியன்" என்றால் 75 இடம், இரண்டு துண்டு. ஒரே மாதிரி, ஒரே நாள், ஆளுக்கு ஆள் விலை வேறு. நம் வாடிக்கைப் பட்டியலிலேயே நீளமான பெயரையும், போட்டதிலேயே பெரிய தொகையையும் வைத்து எண்ணி, அது 70-க்குள் அடங்குமாறு மாதிரியை அமைக்க வேண்டும். அடங்காவிட்டால் பெயரை விட்டுவிடலாம். செய்தி அவர் கைபேசிக்குத்தானே போகிறது!

சரிபார்க்கும் வழி

கணக்குச் சரிதானா என்று அறிய ஒரு சோதனை போதும். கிரெடிட் இருப்பைக் குறித்துக்கொண்டு, நீளமான பெயருடன் நிரப்பிய ஒரு செய்தியை நம் சொந்த எண்ணுக்கே அனுப்பி, இருப்பு எத்தனை குறைந்தது என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஒரு துண்டு. மூன்று குறைந்தால் செய்திக்குள் எங்கோ ஒரு வேண்டாத குறி ஒளிந்திருக்கிறது என்று அறியலாம். மாதக் கடைசியில் செலவான கிரெடிட்டை அனுப்பிய செய்தியின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். நம் கடையின் கணக்கில் முதலில் 2.5 வந்தது, சுருக்கிய பின் 1.17. இந்த எண் திடீரென்று ஏறினால் யாரோ வாசகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

சேராத செய்திக்கும் பணம் உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அனுப்ப ஒப்படைத்ததற்கே கட்டணம் எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே, உபயோகத்தில் இல்லாத எண்ணுக்கு வாரந்தோறும் நாம் அனுப்புவது வீண் செலவு. சேர்ந்ததா இல்லையா என்ற அறிக்கையை மாதம் ஒருமுறை பார்த்து, தொடர்ந்து சேராத எண்களை நீக்கிவிட வேண்டும்.

நாம் கேட்பது

செய்தி சேவை விற்கும் நிறுவனங்கள் தம் விலைத்தாளிலேயே மூன்றை அச்சிட்டுத் தர வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்க வேண்டும். முதலாவது, விலை துண்டுக்கு என்பதும், தமிழுக்கு 70, 67 என்ற அளவும். இரண்டாவது, படி விலை மொத்தத்துக்கா, அடுக்குக்கா என்பது. மூன்றாவது, டி.எல்.டி. கட்டணமும் வரியும் சேர்ந்த கடைசி விலை. இவற்றை மறைப்பதால் அவர்களுக்கு வருகிற கூடுதல் வருமானம் நம் கல்லாவிலிருந்து போவதுதான்.

ஊர்தோறும் உள்ள கிளைச் சங்கங்கள் சேர்ந்து கொள்முதல் செய்வதையும் யோசிக்கலாம். மாதம் 25,000 துண்டு செலவிடும் நான்கு கடைகள் ஒன்றாகப் பேசினால் ஒரு லட்சத்தின் படி கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. டி.எல்.டி. பதிவு ஒவ்வொரு கடைக்கும் தனியாகவே இருக்க வேண்டும் என்பதால், சேர்ந்து பேசுவது விலைக்காக மட்டுமே.

அதுவரை, அடுத்த கிரெடிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, இப்போது போய்க்கொண்டிருக்கும் செய்திகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை துண்டு என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை.